ஃபிரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீர்

உங்க வீட்டு ஃபிரிட்ஜ் இப்போ எத்தனை டிகிரியில ஓடிட்டிருக்குன்னு தெரியுமா? "நாலுல இருக்கு"ன்னு சொல்ல வாயெடுத்தீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. உள்ளே இருக்கிற திருகில் போட்டிருக்கும் அந்த நாலு, நாலு டிகிரி இல்லை. இதைப் புரிஞ்சுக்காததால எங்க வீட்டில் ஒரு தப்பு நடந்தது. பாதி புரிஞ்சுக்கிட்ட நான் அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு பண்ணேன். அந்த ரெண்டு தப்பையும் ஒரு டம்ளர் தண்ணீர் எப்படிச் சரிபண்ணுச்சுங்கிறதுதான் இந்தக் கட்டுரை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல நான் கடைசியா எழுதினது பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சையில. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டர் டீமைத் திட்டுங்க.

போன மே மாசம், ஆறாவது செமஸ்டர் முடிஞ்சு மதுரையில வீட்டுக்குப் போயிருந்தேன். வெயில் எப்படி இருக்கும்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் ஒத்தைக் கதவு, ஒன்பது வருஷப் பழசு. மேலே ஃப்ரீசர் பெட்டி, அதுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு (சில் ட்ரே), அப்புறம் ரெண்டு தட்டு, அடியில காய்கறிப் பெட்டி. ஃப்ரீசர் பக்கத்துல ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் எண் போட்ட திருகு. உங்கள்ல பாதிப் பேர் வீட்டிலும் இதேதான் இருக்கும்.

நான் போன அன்னைக்கே அம்மா புலம்ப ஆரம்பிச்சுட்டாங்க. காலையில காய்ச்சி உள்ளே வச்ச பால் மறுநாள் மதியத்துக்குள்ள திரிஞ்சுடுதாம். இட்லி மாவு ஃபிரிட்ஜுக்குள்ளேயே பொங்கி டப்பாவைத் தள்ளிக்கிட்டு வெளியே வருதாம். "ரெண்டுலதான்டா வச்சிருக்கேன், அதுக்கு மேல போகவே இல்லையே"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியலை. அப்புறம்தான் தெரிஞ்சது. எங்க அப்பத்தாவுக்குச் சர்க்கரை. தினமும் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி. டாக்டர் சீட்டுல "2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவும்"னு எழுதிக் கொடுத்திருந்தார். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்காங்க. திருகுல ஒண்ணுல இருந்து ஏழு வரை எண். சரி, இதுதான் டிகிரின்னு நினைச்சு, வெயில் காலமாச்சேன்னு நல்லாக் குளிரட்டும்னு ரெண்டுல திருப்பி வச்சிருக்காங்க. யோசிச்சுப் பார்த்தா அவங்க மேல தப்பே இல்லை. எண்ணைப் போட்டவன் அது எதோட எண்ணுன்னு பக்கத்துல எழுதலை.

நான் மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் இல்லையா? சிரிச்சுக்கிட்டே விளக்கினேன். அது டிகிரி இல்லைம்மா, எண் பெருசாகப் பெருசாகக் குளிர் ஜாஸ்தின்னு சொன்னேன். சொன்னதோட நிறுத்தியிருக்கலாம். அந்த சனிக்கிழமை ராத்திரி திருகை ஏழு வரைக்கும் முழுசாத் திருப்பி வச்சுட்டு, ஏதோ பெரிய வேலையை முடிச்ச மாதிரி போய்ப் படுத்துட்டேன்.

திங்கட்கிழமை காலையில அம்மா சில் ட்ரேயில இருந்து இன்சுலின் பாட்டிலை எடுத்திருக்காங்க. அங்கேதான் நல்லாக் குளிரும்னு எப்பவும் அங்கேயே வைப்பாங்க. பாட்டிலுக்குள்ள ஐஸ் மாதிரி லேசா உறைஞ்சிருக்கு. அரை மணி நேரம் வெளியே வச்சு, உருகினதும் வழக்கம்போல ஊசி போட்டுட்டாங்க. என்கிட்ட சொல்லலை. சொல்ற அளவுக்கு அது ஒரு விஷயம்னு அவங்களுக்குத் தோணலை. எனக்கும் அப்போ தோணியிருக்காது.

அடுத்த ரெண்டு மூணு நாள்ல அப்பத்தாவுக்குத் தாகம், அசதி. வீட்டு மெஷின்ல பார்த்தா, வெறும் வயித்துல எப்பவும் 130, 140ன்னு இருக்கிறது 240 காட்டுச்சு. மறுநாள் 280. சாப்பாட்டுல எந்த மாத்தமும் இல்லை. வியாழக்கிழமை டாக்டர்கிட்டப் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "மருந்தை எங்கே வைக்கிறீங்க?"ங்கிறதுதான். அம்மா பாட்டிலைக் கையோட கொண்டு வந்திருந்தாங்க. அவர் அதை உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். அப்பத்தா போடற வகை, உருட்டினா ஒரே சீராப் பால் மாதிரி ஆகணும். ஆகலை. உள்ளே குட்டிக் குட்டித் துணுக்குகள் மிதந்தது.

"இது உறைஞ்சு உருகின மருந்து. தூக்கிப் போட்டுடுங்க"ன்னார். ஒரு தடவை உறைஞ்சா இன்சுலின் கெட்டுப் போயிடும், உருகினாலும் நம்ப முடியாதாம். பால் மாதிரி இருக்கிற வகையிலயாவது இப்படித் துணுக்கு தெரியலாம். தெளிவா இருக்கிற வகையில பார்வைக்கு ஒண்ணுமே தெரியாமப் போகலாம்னும் சொன்னார். ரொம்பச் சூடானாலும் வீரியம் குறையும், ஆனா அது மெதுவா நடக்கும். உறையறதுக்கு ஒரு ராத்திரி போதும்.

புது பாட்டில்ல அப்பத்தா ஒரு வாரத்துக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து ஆட்டோவில வரும்போது நான் ஒண்ணும் பேசலை. ரெஃப்ரிஜிரேஷன் சைக்கிளை வரைஞ்சு, நாலு புள்ளியிலயும் என்தால்பி எழுதி, அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினவன் நான். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரின்னு ஒரு தடவைகூட அளந்து பார்க்கலை.

அந்தத் திருகு உண்மையில என்ன பண்ணுதுன்னு இப்போ பார்க்கலாம். நம்ம வீட்டு சாதாரண ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ்ல தெர்மோஸ்டாட்டோட மெல்லிய குழாய் ஒண்ணு ஃப்ரீசர் பெட்டியோட உலோகத்துல ஒட்டி இருக்கும். குழாய்க்குள்ள இருக்கிறது சூடானா அழுத்தம் கூடும், குளிர்ந்தா குறையும். அந்த அழுத்தம்தான் கம்ப்ரசரைப் போடற சுவிட்சை இயக்குது. திருகைத் திருப்பும்போது நீங்க ஒரு ஸ்பிரிங்கோட இறுக்கத்தை மாத்தறீங்க, அவ்வளவுதான். ஃப்ரீசர் உலோகம் எவ்வளவு குளிர்ந்தா கம்ப்ரசர் நிக்கணும்னு அது முடிவு பண்ணும். கீழே நடுத்தட்டுல இருக்கிற பாலோட சூடு என்னன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் ஒரே அஞ்சாம் நம்பர் உங்க வீட்டில் ஒரு டிகிரி, என் வீட்டில் வேற டிகிரி, மே மாசம் ஒண்ணு, டிசம்பர்ல இன்னொண்ணு.

அப்போ அளந்துதான் ஆகணும். மீன் தொட்டிக்கு விக்கிற டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒண்ணு வாங்கினேன். ஒரு மீட்டர் ஒயர், அதோட முனையில சென்சார், திரை வெளியே இருக்கும். கதவு ரப்பருக்கு இடையில அந்த மெல்லிய ஒயரை விட்டா, கதவைத் திறக்காமலேயே படிக்கலாம். (காய்ச்சல் பார்க்கிற தெர்மோமீட்டர் இதுக்கு ஆகாது, அது கிட்டத்தட்ட 35 டிகிரிக்கு மேலதான் காட்டும். பழைய பாதரசத் தெர்மோமீட்டரையும் சாப்பாடு இருக்கிற இடத்துக்குள்ள கொண்டு போகாதீங்க. உடைஞ்சா வம்பு.)

சென்சாரை நடுத்தட்டுல சும்மா தொங்க விட்டுட்டுப் பார்த்தேன். 4.1 காட்டுச்சு. ஆஹான்னு நினைச்சேன். கால் மணி நேரம் கழிச்சு 8.7. அம்மா தக்காளி எடுக்கக் கதவைத் திறந்ததும் 14க்குப் போச்சு. அப்புறம் கம்ப்ரசர் ஓட ஆரம்பிச்சு மறுபடி இறங்குச்சு. இதுல எது என் ஃபிரிட்ஜோட டிகிரி? நோட்ல எழுதிப் பார்த்து மண்டை காஞ்சதுதான் மிச்சம்.

அன்னைக்குச் சாயங்காலம், பால் திரியுதுன்னு அப்பா ஏற்கனவே சொல்லி வச்சிருந்த ஃபிரிட்ஜ் மெக்கானிக் அண்ணன் வந்தார். என் நோட்டைப் பார்த்துட்டு, "தம்பி, காத்தை ஏன் அளக்குறீங்க? நீங்க காத்தையா சாப்பிடப் போறீங்க? ஒரு டம்ளர் தண்ணியில போட்டு ராத்திரி விட்டுடுங்க. காலையில கதவு திறக்கிறதுக்கு முன்னாடி பாருங்க"ன்னார். அவர் எந்த காலேஜிலும் ஹீட் டிரான்ஸ்ஃபர் படிக்கலை.

அவர் போன பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடலாம், கஷ்டமில்லை. ஒரு டம்ளர்ல 200 மில்லி தண்ணீர். அதை ஒரு டிகிரி மாத்தணும்னா கிட்டத்தட்ட 840 ஜூல் போகணும் அல்லது வரணும். டம்ளரோட வெளிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர். ஃபிரிட்ஜுக்குள்ள காத்து பெருசா வீசறது இல்லை. அதனால தண்ணிக்கும் காத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தா, நொடிக்கு 0.2 ஜூல் அளவுதான் கடக்கும். 840ஐ 0.2ஆல வகுத்தா 4,200 நொடி. அதாவது 70 நிமிஷம். நம்ம பாடத்துல வர்ற டைம் கான்ஸ்டன்ட் இதுதான்.

70 நிமிஷத்துல வித்தியாசம் மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் குறையும். அதைப்போல அஞ்சு மடங்கு, அதாவது ஆறு மணி நேரம் விட்டா, நூத்துல ஒரு பங்குக்கும் கீழே போயிடும். 32 டிகிரிக் குழாய்த் தண்ணியை 4 டிகிரி ஃபிரிட்ஜ்ல வச்சா, ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் மிச்சம் இருக்கிற பிழை 0.2 டிகிரி. அண்ணன் சொன்ன "ராத்திரி விட்டுடுங்க" இதுதான். ரெண்டு மணி நேரத்துல பொறுமையிழந்து எடுத்துப் பார்த்தீங்கன்னா, ஃபிரிட்ஜ் மோசம்னு தப்பா முடிவு பண்ணுவீங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கம்ப்ரசர் அரை மணிக்கு ஒரு தடவை போட்டு நிறுத்தறதால காத்து நாலுக்கும் எட்டுக்கும் நடுவுல ஆடிக்கிட்டே இருக்கும். 70 நிமிஷம் சோம்பேறியான தண்ணி அந்த ஆட்டத்தைக் கண்டுக்காது, அதோட சராசரியை மட்டும் பிடிச்சுக்கும். எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கு லோ பாஸ் ஃபில்டர்னு சொன்னா உடனே புரியும். முக்கியமான விஷயம், பாலும் மாவும் சாம்பாரும் பெரும்பாலும் தண்ணிதான். டம்ளர்ல இருக்கிற தண்ணி என்ன டிகிரியோ, பக்கத்துல இருக்கிற பாலும் ஏறக்குறைய அதே டிகிரி.

அளக்கிறதுக்கு முன்னாடி தெர்மோமீட்டரையே ஒரு தடவை சோதிக்கணும். மலிவான கருவி ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டலாம். 4க்கும் 5க்கும் சண்டை போடற இடத்துல ஒரு டிகிரி பெருசு. ஒரு டம்ளர் நிறைய ஐஸை நல்லா நுணுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்திக் கலக்குங்க. சென்சாரை நடுவுல, டம்ளரைத் தொடாம, பிடிச்சு மூணு நாலு நிமிஷம் பொறுங்க. ஐஸும் தண்ணியும் சேர்ந்து இருக்கிற வரைக்கும் அது 0 டிகிரி. என் திரை 0.8 காட்டுச்சு. அதனால இனி எது வந்தாலும் 0.8 கழிக்கணும்னு நோட்டோட மேல எழுதிக்கிட்டேன். கீழே நான் சொல்ற எல்லா எண்ணும் கழிச்ச பிறகு வந்ததுதான்.

புதுசா வாங்கின பாட்டிலை ஃபிரிட்ஜ் சரியாகிற வரைக்கும் நர்ஸ் சொன்னபடி ஈரமான சின்ன மண்பானைக்குள்ள வச்சோம். அதனால பயமில்லாம சோதனை பண்ண முடிஞ்சது. தினமும் ராத்திரி பத்து மணிக்கு நடுத்தட்டுல டம்ளர். தண்ணியோட நடுவுல, அடியைத் தொடாம சென்சார். காலையில அம்மா பால் எடுக்கறதுக்கு முன்னாடி எழுந்து படிக்கணும். செமஸ்டர் லீவுல அஞ்சரைக்கு எழுந்தது இதுக்கு மட்டும்தான்.

முதல்ல, நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு அம்மாவோட ரெண்டுல வச்சேன். காலையில 9.8 டிகிரி. பால் ஏன் திரிஞ்சதுன்னு விளங்குச்சு. உலக சுகாதார நிறுவனம் கெட்டுப்போகிற சாப்பாட்டை 5 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லுது, நாங்க அதுக்கு ரெண்டு மடங்குல இருந்தோம். அடுத்து என்னோட ஏழு. ஒரு முழு நாள் ஓட விட்டுட்டுப் பார்த்தா, நடுத்தட்டுல 0.8. இது மட்டும்னா உறையலைன்னு சொல்லிடலாம். ஆனா சில் ட்ரேயிலயும் ஒரு டம்ளர் வச்சிருந்தேன். அதோட மேல ஐஸ் ஆடை படிஞ்சிருந்தது. மருந்து உட்கார்ந்திருந்த அதே இடம். அந்த டம்ளரைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தேன். அம்மா வந்து என்னடான்னு கேட்டாங்க. காட்டினேன். அவங்க ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் நாலுக்கு வந்தேன். 6.9. அஞ்சு, 5.1. அஞ்சரை, 4.2. அங்கே நிறுத்திட்டேன். ஒவ்வொரு தடவை திருப்பினதுக்கும் 24 மணி நேரம் பொறுத்தேன், இது ரொம்ப முக்கியம். ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கிற எல்லாச் சாமானும் புது நிலைக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். காலையில திருப்பி, மதியம் பார்த்து, பத்தலைன்னு மறுபடி திருப்பினா, நான் போன மாதிரி ஏழுல போய் நிப்பீங்க. ஒரு தடவைக்கு ஒரு எண், முடிவுக்குப் பக்கத்துல வந்துட்டா அரை எண். நடுத்தட்டுத் தண்ணி 3க்கும் 5க்கும் நடுவுல வந்துட்டா கையை எடுத்துடுங்க.

அஞ்சரையில வச்சுக்கிட்டு இன்னொண்ணும் பண்ணேன். ஒரே ராத்திரியில மூணு இடத்துல மூணு டம்ளர். ஒரே தெர்மோமீட்டர்தான், அதனால காலையில ஒவ்வொண்ணா வேகமா மாத்தி மாத்திப் படிச்சேன். சில் ட்ரே 0.9, நடுத்தட்டு 4.2, கதவுல கீழ் ரேக் 7.6. ஒரே பெட்டிக்குள்ள ஆறரை டிகிரிக்கு மேல வித்தியாசம். இத்தனைக்கும் கதவு ராத்திரி முழுக்க மூடியே இருந்தது. அதே கதவு டம்ளரைச் சாயங்காலம் பார்த்தப்போ 10.1.

"ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி?"ங்கிற கேள்வியே அரைகுறைன்னு அப்போதான் புரிஞ்சது. எந்த இடத்துலன்னு சேர்த்துக் கேட்கணும். பால் பாக்கெட்டைக் கதவுல வைக்கிறது நம்ம எல்லார் வீட்டுப் பழக்கம். ஆனா இருக்கிறதிலேயே சூடான இடம் அதுதான். இப்போ எங்க வீட்டில் பால் நடுத்தட்டுக்கு வந்துடுச்சு. கதவுல ஊறுகாய், சாஸ், தண்ணி பாட்டில். இன்சுலின் நடுத்தட்டுல முன்பக்கமா, மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவில, ஃப்ரீசரையும் சில் ட்ரேயையும் விட்டுத் தள்ளி. 2க்கும் 8க்கும் நடுவுல ரெண்டு பக்கமும் இடம் விட்டு 4.2. கதவுல வச்சிருந்தா 7.6ன்னு பேப்பர்ல பாஸ் ஆகியிருக்கும், சாயங்காலம் ஃபெயில்.

ரெட்டைக் கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான மாடல்ல குளிரை உண்டாக்கறது ஃப்ரீசர் பக்கம், அங்கே இருந்து விசிறி காத்தைக் கீழே தள்ளும். மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டு திருகு இருந்தா, அதுல ஒண்ணு கம்ப்ரசரையும் இன்னொண்ணு காத்தோட பங்கையும் மாத்தும். ரெண்டையும் ஒரே நாள்ல தொடாதீங்க, எதனால எது மாறுச்சுன்னு தெரியாமப் போயிடும். காத்து வர்ற துவாரத்துக்கு நேரா மருந்தையோ கீரையையோ வைக்காதீங்க, அங்கே உறையலாம். வெளியே திரையில 4ன்னு எழுதியிருந்தாலும் ஒரு ராத்திரி டம்ளரை வச்சுப் பாருங்க. பெரும்பாலும் அந்தத் திரை காட்டறது நீங்க கேட்ட டிகிரியை. கிடைச்ச டிகிரியைத் தண்ணிதான் காட்டும்.

திருகைத் திருப்பியும் தண்ணி அசையலைன்னா பிரச்சினை வேற இடத்துல. ஒத்தைக் கதவுல முதல் சந்தேகம் ஃப்ரீசரைச் சுத்தி இருக்கிற ஐஸ். அது தடியாகத் தடியாகக் கம்பளி போர்த்தின மாதிரி குளிரை உள்ளேயே பூட்டி வச்சுக்கும். டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கி உருக விடணும், கத்தியால குத்தக் கூடாது. அடுத்தது கதவு ரப்பர். ஒரு காகிதத்தை வச்சுக் கதவை மூடி இழுங்க, தடையில்லாம வந்தா அந்த இடத்துல சூடு உள்ளே போகுது. மூணாவது, பின்பக்கக் கம்பி வலையில தூசி, இல்லைன்னா சுவரோட ஒட்டி வச்சிருக்கிறது. இதெல்லாம் சரியா இருந்தும் ஏழுலயும் 10 டிகிரி காட்டினா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. எங்க வீட்டில் அண்ணன் ஐஸை மட்டும் உருக்கச் சொல்லிட்டு, வேற குறை இல்லைன்னு காசுகூட வாங்காமப் போயிட்டார்.

கதை அதோட முடிஞ்சதுன்னு நினைச்சேன். டிசம்பர் லீவுல போனப்போ பழக்கதோஷத்துல டம்ளரை வச்சேன். திருகு அதே அஞ்சரை. நடுத்தட்டு 2.4, சில் ட்ரேயில ஐஸ் ஆடை. வெளியே குளிர்ந்ததால சுவர் வழியா உள்ளே போற சூடு குறைஞ்சுடுச்சு, ஆனா திருகு ஃப்ரீசரை மட்டும் பார்த்துக்கிட்டு அதே இடத்துலதான் கம்ப்ரசரை நிறுத்துது. அதனால கீழ்த்தட்டு முன்னைவிடக் குளிர்ந்துடுச்சு. மருந்து நடுத்தட்டுல இருந்ததால தப்பிச்சது. நாலுக்குக் குறைச்சேன், மறுநாள் 4.0. அம்மா ஒரு வெள்ளை டேப்பை எடுத்துத் திருகுக்குப் பக்கத்துல ஒட்டி, பேனாவால "வெயில் 5½, பனி 4"ன்னு எழுதிட்டாங்க. ஆனா அந்த எண் எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான். உங்க வீட்டில் அதையே வைக்காதீங்க.

இப்போ ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணா, தெர்மோமீட்டரைப் படிக்கிற வேலை அப்பத்தாவோடது. மாசத்துக்கு ஒரு தடவையும், வெயிலோ மழையோ மாறும்போதும் அம்மா டம்ளரை வச்சுடுவாங்க. காலையில அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சுச் சொல்வாங்க. போன வாரம் "நாலு புள்ளி ஒம்போதுன்னு இருக்கு அப்பு"ன்னாங்க. "0.8 கழிங்க அப்பத்தா"ன்னேன்.

"கழிச்சுட்டுத்தான்டா சொல்றேன். அடுத்த மாசம் வெயில் ஏறும், அரை நம்பர் கூட்டணுமா வேண்டாமா? அதைச் சொல்லு."

"இன்னைக்குத் தொடாதீங்க. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க"ன்னேன்.